‘ஆகு’வா, ‘ஆகு³’வா? பல குரல்களைக் கேட்டுத் தெலுங்கு ஒலிகளுக்குக் காதைப் பழக்கும் முறை

ஆந்திர எல்லையில் நகரி பக்கம் வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்து வருகிறேன். திருத்தணி, பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடையிலும் விசைத்தறிக் கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும். இரண்டு மாதத்தில் பேச்சு ஓரளவு வந்துவிடும். ஆனால் சில ஒலிகள் மட்டும் வருடக்கணக்கில் காதில் விழாது. அதைச் சரிசெய்ய மூன்று வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதை எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு குறியீடு. தமிழில் இந்த ஒலிகளுக்குத் தனி எழுத்து இல்லாததால், சுலோகப் புத்தகங்களில் போடுவது போல எண் போடுகிறேன். தெலுங்குச் சொல்லில் எண் இல்லாத ‘க’ வந்தால் அது ‘கல்’ என்பதில் வரும் வல்லொலி, சொல்லின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். ‘க³’ என்று வந்தால் அது ‘தங்கம்’ என்பதில் வரும் அதிர்வொலி. ட, ட³ ஆகியவையும் இதே மாதிரிதான். ஆகவே ‘ஆகு’ என்றால் இலை, ‘ஆகு³’ என்றால் நில்.

## 1. எந்த ஒலி, எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

“எனக்கு க, க³ வித்தியாசம் தெரியவில்லை” என்று சொல்வது போதாது. சொல்லின் தொடக்கத்திலா நடுவிலா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வருவது நம்மில் பலருக்கு அவ்வளவு கஷ்டமில்லை. ‘குடி³’ என்றால் வலப்பக்கம், ‘கு³டி³’ என்றால் கோவில். ‘குண்டு’, ‘பயம்’ மாதிரிச் சொற்களைப் பேச்சில் அதிர்வோடு சொல்லியே பழகியதால், தொடக்கத்து அதிர்வைக் காது கொஞ்சமாவது பிடித்துவிடுகிறது.

சிக்கல் இரண்டு உயிர்களுக்கு நடுவில்தான். தமிழில் அந்த இடத்தில் இரண்டே வழி: ஒற்றையாக வந்தால் ‘பகல்’ போலக் குழைந்து அதிர்ந்து வரும், இரட்டித்தால் ‘பக்கம்’ போல நீண்டு அதிர்வில்லாமல் வரும். தெலுங்கில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. ‘ஆகு’வில் வரும் ககரம் ஒற்றை, குட்டையானது, ஆனால் அதிர்வே இல்லாதது. நம் காதில் அதற்கென்று ஒரு பெட்டி கிடையாது. அதனால் இருக்கிற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிடுகிறோம்.

எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதுதான் இந்தப் பயிற்சிக்கே அடிப்படை. நிதானமாகப் பேசுகிறவர் ‘ஆகு’ என்றால் வாய் மூடியிருக்கும் நேரம் கொஞ்சம் நீள்கிறது, நமக்கு ‘ஆக்கு’ மாதிரிக் கேட்கிறது, ‘ஆகு³’விலிருந்து பிரித்துவிடுகிறோம். வேகமாகப் பேசுகிறவர் அதையே சொன்னால் அந்த நேரம் சுருங்கி நேரே ‘ஆகு³’ பெட்டியில் விழுந்துவிடுகிறது. நாம் அளந்துகொண்டிருப்பது நீளத்தை. தெலுங்குக்காரர் முதன்மையாக நம்புவது தொண்டை அதிர்வை. ஒரே ஆசிரியரின் குரலில் பயின்றால் இந்தத் தப்பான அளவுகோல் கடைசிவரை மாட்டிக்கொள்ளாது. ஏனென்றால் அவர் குரலில் அதுவும் சரியாகவே வேலை செய்யும்.

நான் முதல் வருடம் செய்த தவறு இதுதான். என் குரலை மட்டும் பதிவு செய்து கொடுத்தேன். வகுப்பில் எல்லோரும் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கினார்கள். கடைக்குத் திரும்பிப் போனதும் பழைய நிலைதான்.

ஒரே நேரத்தில் ஒரு வேறுபாட்டை மட்டும் எடுங்கள். இந்தக் கட்டுரையில் உயிர்களுக்கு நடுவில் வரும் க/க³, ட/ட³ மட்டும். இரண்டிலும் காது தேட வேண்டியது ஒரே அதிர்வு என்பதால் இவற்றைச் சேர்த்துப் பயிலலாம். ‘க⁴’ போன்ற மூச்சொலிகளை இதோடு கலக்காதீர்கள்.

## 2. பத்து இணைச் சொற்கள் போதும்

ஒரே ஒரு ஒலி மாறினால் பொருள் மாறும் சொற்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற எழுத்துகளைக் கேட்டே விடையை ஊகித்துவிடுவார்கள். ‘கொடு³கு’ என்றால் மகன், ‘கொ³டு³கு³’ என்றால் குடை. சிரிக்கவும் நினைவில் வைக்கவும் அருமையான ஜோடி. ஆனால் அதில் இரண்டு இடம் மாறுவதால் பயிற்சிக்கு ஆகாது.

நான் பயன்படுத்தும் பத்து இணைகள் இவை:

- ஆகு (இலை) – ஆகு³ (நில்)
- தாகு (தொடு) – தாகு³ (குடி)
- சாகு (சாக்கு சொல்வது) – சாகு³ (பயிர்த்தொழில்)
- லாகு (மதகு) – லாகு³ (இழு)
- ஆட (ஆட்டம்) – ஆட³ (பெண்)
- பேட (பேட்டை) – பேட³ (சாணம்)
- நாடு (நடு) – நாடு³ (அந்நாள்)
- ஈக (இறகு) – ஈக³ (ஈ)
- மோகு (கயிறு) – மோகு³ (ஒலி எழும்பு)
- வாடி (அவற்றின்) – வாடி³ (அவனுடைய)

முதல் ஏழு பயிற்சிக்கு. கடைசி மூன்றைப் பயிற்சியில் தொடவே கூடாது, தேர்வுக்கு மட்டும் வையுங்கள். காது ஒலியைக் கற்றதா, இல்லை ஏழு சொற்களை மனப்பாடம் செய்ததா என்று காட்டுபவை அவைதான்.

பத்திலும் முதல் உயிர் நெடில் என்பதைக் கவனியுங்கள். குறிலையும் நெடிலையும் கலந்தால் ஒலிநீளம் குறுக்கே வந்து குழப்பும். குறில் சொற்களை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருளைப் பயிற்சிக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ‘லாகு’ என்றால் என்ன என்று தெரியாதவர், தெரிந்த சொல்லான ‘லாகு³’வையே விடையாகத் தேர்ந்தெடுப்பார். அது காதின் பிழை அல்ல.

## 3. ஏழு குரல்கள்: ஐந்து பயிற்சிக்கு, இரண்டு தேர்வுக்கு

ஏழு பேரும் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். எல்லையோரத்தில் இதில்தான் ஏமாறுவோம். தெலுங்கு சரளமாகப் பேசும் தமிழ்க் குடும்பத்துக்காரர்கள் இங்கே நிறைய. அவர்களில் சிலர் ‘ஆகு’வையும் ‘ஆகு³’வையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஆண், பெண், வயது என்று பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியம் பேச்சின் வேகம். இரண்டு பேர் நிதானமாகவும் இரண்டு பேர் வேகமாகவும் பேசுகிறவர்களாக இருக்கட்டும். முன்னே சொன்ன தப்பான அளவுகோலை உடைப்பது இந்த வேறுபாடுதான். தேர்வுக்கு ஒதுக்கும் இரண்டு குரல்களிலும் ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது. இப்போது என்னிடம் பயிற்சிக்கு இருப்பவை ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு தறிக்காரத் தாத்தா, பூ விற்கும் அம்மா, கல்லூரிப் பையன், மளிகைக் கடைக்காரர் ஆகியோரின் குரல்கள். தேர்வுக்கு ஓர் ஓய்வுபெற்ற தபால்காரரும், ஓர் ஆட்டோ ஓட்டுநரும். குரலை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டுதான் பதிவைத் தொடங்குவேன்.

பல குரல் என்ற யோசனை ஜப்பானியர் ஆங்கில ர, ல ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் திணறியதை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1991இல் லோகன், லைவ்லி, பிஸோனி மூவரும் ஐந்து பேரின் குரலில் இணைச் சொற்களைக் கொடுத்து 15 அமர்வு பயிற்சி அளித்தார்கள். சராசரி சுமார் 78 சதவீதத்திலிருந்து 86 சதவீதத்துக்கு உயர்ந்தது. 1993இல் அதே குழு ஒரே குரலில் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குள் தேறியவர்கள் புதிய குரலைக் கேட்டதும் தடுமாறினார்கள். ஆனால் 2022இல் பிரெகல்மன்ஸ் குழு இதே ஒலிகளை வைத்து இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, ஒரு குரலைவிடப் பல குரல் மேல் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் நான் பல குரலைத் தேர்ந்தெடுக்கிறேன். தமிழ்க் காது தப்பாகப் பிடித்துக்கொள்ளும் குறிப்பு பேச்சு வேகத்தோடு கட்டுண்டது. வேகம் மாறாமல் அந்தப் பிடி விடாது. தேர்வுக் குரல்களைத் தனியே ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான்: உங்கள் பிள்ளைகளிடம் இது பலித்ததா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

## 4. பதிவு செய்யும்போது

செல்போன் போதும், ஆனால் பதிவுச் செயலியில் `WAV` வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வாய் மூடியிருக்கும்போது வரும் அதிர்வு மிக மெல்லிய, அடிக்குரல் முனகல்தான். இரைச்சல் நீக்கி அதையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். அதற்கப்புறம் ‘ஆகு³’வும் ‘ஆகு’ மாதிரி ஆகிவிடும். வாட்ஸ்அப் குரல்செய்தியாக வாங்காதீர்கள், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

இணைகளை அடுத்தடுத்து எழுதிக் கொடுக்காதீர்கள். இதை நான் நேரில் பார்த்தேன். தறிக்காரத் தாத்தாவிடம் ‘ஆகு, ஆகு³’ என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி நீட்டினேன். எனக்குப் புரிய வைப்பதாக நினைத்து, “ஆகு அன்ட்டே ஆகு, ஆகு³ அன்ட்டே ஆகு³, அன்தே கதா³!” என்று ஒவ்வொன்றையும் அழுத்தி இழுத்துச் சொன்னார். முதல் சொல் ‘ஆக்கு’ ஆகிவிட்டது, இரண்டாவது ‘ஆகூ³’ ஆகிவிட்டது. தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மறுநாள் இருபது சொற்களையும் கலைத்து எழுதி, நடுவில் சம்பந்தமில்லாத பத்துச் சொற்களையும் சேர்த்துக் கொடுத்தேன். “இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கேட்டுக்கொண்டே இயல்பாகப் படித்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் வேண்டாத சொல் ஒன்றைப் போடுங்கள். பட்டியலைப் படிப்பவர் கடைசிச் சொல்லை இழுத்து முடிப்பார். அந்த இழுப்பு உங்கள் இணைச் சொல்லில் விழக்கூடாது.

பட்டியலை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் படிக்க வைத்து, நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களைத் தனித்தனியாக வெட்டும்போது முன்னும் பின்னும் அரை நொடி மௌனம் விடுங்கள். ஒட்டி வெட்டினால், பிற்பாடு தொடக்க ஒலிகளைப் பயிலும்போது பெரிய சிக்கலாகும். தெலுங்கின் க³, ப³ எல்லாம் உதடோ நாக்கோ பிரிவதற்கு முன்பே அதிரத் தொடங்குபவை. கண்ணுக்குத் தெரியும் அலையின் பெரிய தொடக்கத்தில் வெட்டினால் அடையாளமே போய்விடும்.

கோப்புப் பெயர் இப்படி இருந்தால் பின்னால் தேட எளிது. குரல் எண், சொல், எத்தனையாவது முறை:

```
k1_aaku_1.wav
k1_aagu_1.wav
k3_peeta_2.wav
t6_iiga_1.wav
```

`k` என்று தொடங்குபவை பயிற்சிக்கு, `t` என்று தொடங்குபவை தேர்வுக்கு.

## 5. தெலுங்குக் காது ஒன்றிடம் சரிபார்க்கக் கொடுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இது. பதிவில் இல்லாத ஒரு தெலுங்குக்காரரை உட்காரவைத்து, எல்லாத் துண்டுகளையும் கலைத்துப் போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவரே தப்பாக எழுதிய துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அதே சொல்லின் மூன்றாவது பதிவை எடுங்கள்.

இதை நீங்கள் செய்ய முடியாது. எந்தச் சொல் என்று உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தால் காது அதையே கேட்கும். கெட்ட துண்டு ஒன்று உள்ளே இருந்தால், மாணவர் சரியாகச் சொன்னதையும் தப்பு என்று கணினி சொல்லும். கற்கத் தொடங்கிய காதுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

## 6. முன்தேர்வு

தேர்வுக் குரல் இரண்டு, சொல் இருபது, ஆக 40 துண்டுகள். கலைத்துப் போட்டு ஒவ்வொன்றையும் ஒரே முறை கேட்கவைத்து விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று சொல்லவே கூடாது. மூன்று வாரம் கழித்து இதே 40ஐத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம்.

விடைத்தாளில் தமிழில் ‘ஆகு’ என்று எழுதச் சொன்னால் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் வரும். தெலுங்கு எழுத்து தெரிந்தவர்களுக்கு அதையே கொடுங்கள். தெரியாதவர்களுக்குப் படம் வையுங்கள்: ஒரு பக்கம் வாழை இலை, ஒரு பக்கம் நிறுத்தச் சொல்லும் கை. படமாக வரைய வராத சொற்களுக்குத் தமிழ்ப் பொருளை எழுதுங்கள்.

காதுக்குள் மாட்டும் கம்பி இயர்போன் கட்டாயம். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் அடிக்குரல் வராது. தேட வேண்டிய அதிர்வு இருப்பதே அங்கேதான். “எவ்வளவு கேட்டாலும் ஒரே மாதிரி இருக்கு” என்று சொன்ன இரண்டு பேரிடம் நான் முதலில் பார்த்தது போனை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

## 7. பயிற்சி: ஒரு நாளுக்கு ஒரு குரல்

ஒரு குரலுக்கு 14 சொல், ஒவ்வொன்றிலும் 2 பதிவு, ஆக 28 துண்டு. அதை மூன்று முறை கலைத்துக் கேட்டால் 84 கேள்வி. ஒன்றுக்குப் பன்னிரண்டு நொடி என்றால் 17 நிமிடம். அதற்கு மேல் போனால் கவனம் சிதறிவிடும். வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம், மொத்தம் 15 அமர்வு.

ஒவ்வொரு கேள்வியும் இந்த வரிசையில் நடக்க வேண்டும்: ஒலியைக் கேள், விடையைத் தாளில் குறி, அட்டையைத் திருப்பு, சரியான படத்தைப் பார்த்துக்கொண்டே அதே ஒலியை மறுபடி கேள். தப்பாகியிருந்தால் அதே குரலில் இணையின் மற்றச் சொல்லையும் கேட்டுவிட்டுத் திரும்ப முதல் சொல்லைக் கேள். விடையைக் குறிக்காமல் திருப்பினால், “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று மனம் சொல்லிவிடும்.

நான் ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் துண்டுக்கு ஓர் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அதன் வழக்கமான அட்டவணைப்படி படிக்கக் கூடாது. அது தெரிந்த அட்டைகளைத் தள்ளிவைத்துத் தெரியாதவற்றையே திரும்பத் திரும்பக் காட்டும். அதனால் அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவே மனப்பாடமாகிவிடும். `Filtered Deck` ஒன்றை உருவாக்கி, தேடலில் அன்றைய குரலின் குறிச்சொல்லைக் கொடுத்து, வரிசையை `Random` என்று வைத்து, `Reschedule cards based on my answers in this deck` என்பதை எடுத்துவிடுங்கள். குறிச்சொல் இப்படி:

```
tag:kural1
```

ஆங்கி வேண்டாம் என்றால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கோப்புகளை இயக்கி விடை சொன்னாலும் சரிதான்.

முதல் வாரம் ஒரு நாளுக்கு ஒரு குரல். இரண்டாம் வாரம் ஒரு நாளுக்கு இரண்டு குரல், முதல் பாதி ஒன்று, அடுத்த பாதி இன்னொன்று. மூன்றாம் வாரம்தான் ஐந்தையும் கலக்க வேண்டும். அப்போது 140 துண்டிலிருந்து நாளுக்கு 84ஐ எடுத்தால் போதும். முதல் நாளே எல்லாக் குரலையும் கலந்தால், பலவீனமான காது உள்ளவர்கள் குரலுக்குக் குரல் ஒத்துப்போவதிலேயே களைத்துவிடுவார்கள். சுருதி மாறினால் பொருள் மாறும் சொற்களை வைத்து 2011இல் பெரக்கியோனே குழு செய்த ஆய்விலும் இப்படித்தான் தெரிந்தது. தொடக்கத்தில் திறன் குறைந்தவர்களைக் குரல் கலப்பு பின்னுக்கு இழுத்தது, ஒவ்வொரு குரலாகத் தொகுத்துக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு குறைந்தது.

குரல்களின் வரிசை: மெதுவானவர் முதலில், வேகமானவர் மூன்றாவதாக. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் திருத்தணிப் பெண் ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். சிரப்பைக் காட்டி “தாகே³தா³?” என்று கேட்டால், குடிப்பதா என்கிறார்களா தொடுவதா என்கிறார்களா என்று சூழ்நிலையை வைத்தே ஊகித்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் ஆசிரியையின் குரலில் 84க்கு 71. மூன்றாம் நாள் கல்லூரிப் பையனின் வேகக் குரலில் 52. “சார், முந்தாநாள் வந்தது இப்போ வரலையே, மறந்துபோச்சா?” என்று கலங்கிவிட்டார்.

மறக்கவில்லை. முதல் நாள் அவர் நீளத்தைக் கேட்டு 71 வாங்கினார். மூன்றாம் நாள் நீளம் கைவிட்டது. பயிற்சி உண்மையில் தொடங்கும் இடம் இதுதான். நிறையப் பேர் விட்டுப் போவதும் இங்கேதான். அதனால் இந்த வீழ்ச்சி வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கே காதை வைப்பது என்பதையும் இந்த நேரத்தில் ஒரு முறை காட்டலாம். விரலைத் தொண்டையில் வைத்து ‘தங்கம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். “வாய் மூடியிருக்கும்போதும் உள்ளே முனகல் ஓடுதா? அந்த முனகல் ஓடுதா நிற்குதான்னு மட்டும் கேளும்மா. எவ்வளவு நேரம்னு பார்க்காதே” என்றேன். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. மீதியைக் கேள்வியும் விடையுமே சொல்லிக்கொடுக்கும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு அமர்வைச் சேர்த்துச் செய்யாதீர்கள். ஒரு நாள் தள்ளி முடியுங்கள், போதும்.

## 8. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

இரண்டு விடையில் ஒன்று என்பதால் கண்ணை மூடிக் குறித்தாலும் 40க்கு 20 வரும். ஆகவே கணக்கு 20க்கு மேலேதான் தொடங்குகிறது.

அந்தப் பெண்ணின் முன்தேர்வு 40க்கு 23. பிரித்துப் பார்த்தால் அதிர்வுச் சொற்களில் 20க்கு 18, வல்லொலிச் சொற்களில் 20க்கு 5. அதிர்வொலியை நன்றாகக் கேட்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்ட 40இல் 33ஐ ‘க³’, ‘ட³’ என்றே குறித்திருக்கிறார். தமிழ்க் காது உயிர்களுக்கு நடுவில் அதிர்வையே எதிர்பார்ப்பதால் வந்த சாய்வு இது. வல்லொலியில் கிடைத்த ஐந்தில் நான்கு மெதுவான தபால்காரர் குரலில், ஆட்டோ ஓட்டுநர் குரலில் ஒன்றே ஒன்று. முதல் பிரிவில் சொன்ன கதை இந்த எண்களிலேயே தெரிகிறது.

எனவே எப்போதும் நான்கு கட்டம் போடுங்கள்: வல்லொலி, அதிர்வொலி ஒரு பக்கம், மெதுவான குரல், வேகமான குரல் மறு பக்கம். முன்னேற்றம் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். அவருக்கு அது வல்லொலி, வேகக் குரல் கட்டம்.

சாய்வு பலமாக இருந்தால், துண்டுகளில் பாதி வல்லொலி, பாதி அதிர்வு என்பதை மாணவரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அந்த ஒரு வார்த்தையே சாய்வைக் குறைக்கிறது. ஆனால் தேர்வில் சொல்வதாக இருந்தால் முன்தேர்விலும் பின்தேர்விலும் இரண்டிலும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

## 9. பின்தேர்வு, அப்புறம் என்ன

15ஆம் அமர்வுக்கு மறுநாள் அதே 40 துண்டுகள், அதே இயர்போன், இப்போதும் விடை சொல்லாமல். அவர் வாங்கியது 34. வல்லொலியில் 17, அதிர்வொலியில் 17. அதிர்வொலியில் ஒன்று குறைந்ததைப் பார்த்து வருந்த வேண்டாம். எல்லாவற்றையும் ‘க³’ என்று குறித்து வாங்கிய 18ஐவிட, பிரித்துக் கேட்டு வாங்கிய 17 மேலானது. வல்லொலியில் தபால்காரர் குரலில் 9, ஆட்டோ ஓட்டுநர் குரலில் 8. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. அதாவது நீளத்தை விட்டு அதிர்வைப் பிடித்துவிட்டார்.

பயிற்சியில் வந்த சொற்களில் 28க்கு 25. வராத ஈக, மோகு, வாடி இணைகளில் 12க்கு 9. பன்னிரண்டு துண்டு சின்ன எண்ணிக்கை, ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆனால் பழைய சொற்களில் 25 வாங்கிப் புதியவற்றில் 6இலேயே நின்றிருந்தால், அவர் சொற்களைத்தான் கற்றார் என்று வைத்துக்கொண்டு புதிய ஏழு இணைகளோடு இன்னொரு சுற்றுக்குப் போயிருப்பேன். பழைய சொற்களில் பயிற்சிக் குரல்களோடு நன்றாகவும் தேர்வுக் குரல்களோடு மோசமாகவும் இருந்தால், சொற்களை மாற்ற வேண்டாம், இன்னும் மூன்று குரல்களைச் சேர்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சி எட்டாத இடமும் உண்டு. மௌனமான அறையில் தனிச் சொல்லைக் கேட்பதற்குத்தான் இது காதைப் பழக்குகிறது. தறி ஓடும் கூடத்தில் அடிக்குரல் முனகல் இரைச்சலில் மூழ்கிவிடும். அங்கே மற்றத் தெலுங்குக்காரர்களும் சூழ்நிலையை வைத்தே புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, உயிர்களுக்கு நடுவில் கற்றது தொடக்கத்து ஒலிக்குத் தானாகப் போய்ச்சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘புட்ட’ என்றால் புற்று, ‘பு³ட்ட’ என்றால் கூடை. இந்த மாதிரி இணைகளுக்குத் தனியாக முன்தேர்வு வைத்துப் பாருங்கள்.

பேச்சுக்கு இதில் ஒரு வரியும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தாலும் சிலருக்கு உச்சரிப்பும் திருந்துகிறது. ஜப்பானியர்களிடம் பிராட்லோ குழு 1997இல் இதையே பார்த்தது. உங்களுக்கும் பார்க்க ஆசை இருந்தால், பயிற்சிக்கு முன்பே மாணவர் இருபது சொற்களையும் படிப்பதைப் பதிவு செய்து வையுங்கள். முடிந்ததும் இன்னொரு முறை பதிவு செய்து, இரண்டையும் கலந்து, எது முன்னால் எது பின்னால் என்று சொல்லாமல் ஐந்தாம் படியில் உதவிய தெலுங்குக்காரரிடமே கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே 40ஐ மறுபடி வையுங்கள். நான்கைந்துக்கு மேல் குறைந்திருந்தால் முழுப் பயிற்சியும் தேவையில்லை. மூன்றாம் வாரத்துக் கலப்பு அமர்வை மட்டும் மூன்று நாள் செய்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு 33 வந்தது. இப்போது தொடக்க ஒலிகளுக்கு வந்திருக்கிறார், நாளைக்கு ஆசிரியையின் குரலில் முதல் அமர்வு.